பேஸ்மேக்கர் ஈசிஜியைப் படிப்பது எப்படி: ஸ்பைக்கும் அதன் பின்னால் வரும் அகன்ற அலையும்

பேஸ்மேக்கர் பொருத்தியவரின் ஈசிஜி முதன்முறை கைக்கு வரும்போது இரண்டு விஷயங்கள் குழப்பும். க்யூஆர்எஸ் அலைகள் அகன்று, உருக்குலைந்து, பெரிய நோய் ஏதோ இருப்பதுபோலத் தெரியும். மெஷின் தன் பங்குக்கு ‘மாரடைப்பு இருக்கலாம்’ என்று மேலே அச்சடித்திருக்கும். இன்னொரு பக்கம், கருவி தூண்டும் கணத்தைக் காட்டும் கோடு என்று எல்லோரும் சொல்லும் அந்த ‘ஸ்பைக்’ எங்கே என்று தேடினால் கண்ணில் படாது. இந்த இரண்டுக்கும் காரணம் தெரிந்துவிட்டால் பேஸ்மேக்கர் ஸ்ட்ரிப்பைப் படிப்பது சாதாரண ஈசிஜியைவிடச் சுலபம். இங்கே எழும் துடிப்புகளில் பெரும்பாலானவை முன்கூட்டியே கொடுத்த கணக்கின்படி வருபவை.

இந்தக் கட்டுரை முழுவதும் ஒரே வகைக் கருவியை வைத்துப் பேசுவோம். வலது கீழறையின் நுனியில் ஒற்றை ஒயர், நிமிடத்துக்கு 60 என்ற குறைந்தபட்ச வேகம். இதை வி.வி.ஐ. 60 என்று எழுதுவார்கள். முதல் எழுத்து எந்த அறையைத் துடிக்கவைக்கிறது என்பதையும், இரண்டாவது எந்த அறையின் துடிப்பை உணர்கிறது என்பதையும், மூன்றாவது உணர்ந்ததும் என்ன செய்கிறது என்பதையும் குறிக்கும். வி என்றால் கீழறை. ஐ என்றால் அடங்கிக்கொள்ளும் என்று பொருள். அதாவது இதயம் தானாகத் துடித்தால் கருவி பேசாமல் இருக்கும். ஒரு வினாடிவரை துடிக்காவிட்டால் தூண்டும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனோடு இதயம் மெதுவாகத் துடிக்கும் முதியவர்களிடம் இந்த அமைப்பை அடிக்கடி பார்க்கலாம்.

ஸ்பைக் ஏன் கண்ணில் படுவதில்லை

பேஸ்மேக்கர் ஒருமுறை தூண்டும்போது மின்சாரம் பாயும் நேரம் பெரும்பாலும் 0.4 மில்லி வினாடிதான். ஈசிஜி தாள் வினாடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடுகிறது. கணக்குப் போட்டால் அந்தத் தூண்டல் தாளில் எடுத்துக்கொள்ளும் அகலம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. ஒரு சின்னக் கட்டமே 1 மில்லிமீட்டர், அதாவது 40 மில்லி வினாடி. ஆகவே ஸ்பைக் தெரிந்தால் அகலமே இல்லாத செங்குத்துக் கோடாகத்தான் தெரியும். கோட்டுக்குச் சரிவோ வளைவோ இருந்தால் அது ஸ்பைக்தானா என்று சந்தேகப்பட வேண்டும்.

இதோடு ஃபில்டரும் சேர்ந்துகொள்கிறது. கை நடுக்கம், தசை அசைவு போன்றவற்றை மறைக்க 35 அல்லது 40 ஹெர்ட்ஸ் ஃபில்டரைப் போட்டுத்தான் பல இடங்களில் ஈசிஜி எடுக்கிறார்கள். வேகமாக ஏறி இறங்கும் எதையும் அந்த ஃபில்டர் மழுங்கடிக்கும். ஸ்பைக்கைவிட வேகமாக ஏறி இறங்குவது அந்தத் தாளில் வேறெதுவும் இல்லை. எனவே பேஸ்மேக்கர் நோயாளி என்று தெரிந்தால் அந்த ஃபில்டரை நிறுத்திவிட்டு, 150 ஹெர்ட்ஸ்வரை பதியும்படி வைத்து மறுபடி எடுக்க வேண்டும்.

பேஸ்மேக்கர் ஒயரின் அமைப்பும் முக்கியம். யூனிபோலார் முறையில் மின்சாரம் ஒயரின் முனைக்கும் தோள்பட்டைக்குக் கீழே உள்ள கருவிப் பெட்டிக்கும் நடுவே ஓடுகிறது. மார்பின் பெரும்பகுதியைக் கடப்பதால் ஸ்பைக் உயரமாக நிற்கும். இப்போது பரவலாக உள்ள பைபோலார் முறையில் ஒயரின் முனைக்கும் அதற்கு ஓரிரு சென்டிமீட்டர் தள்ளி உள்ள வளையத்துக்கும் இடையிலேயே சுற்று முடிந்துவிடுகிறது. உடலின் மேற்பரப்பை எட்டுவது மிகச் சொற்பம். அதனால் ஸ்பைக் சில லீட்களில் பொட்டுப்போலத் தெரியும், சிலவற்றில் தெரியவே தெரியாது. ஒரு லீட்டை மட்டும் பார்த்து ‘ஸ்பைக் இல்லை’ என்று எழுதிவிடக் கூடாது. பன்னிரண்டு லீட்களிலும் தேட வேண்டும்.

இன்றைய டிஜிட்டல் மெஷின்களில் இன்னொன்றும் நடக்கிறது. மெஷின் தூண்டலைத் தனிச் சுற்றால் கண்டுபிடித்து, அந்த இடத்தில் தானே ஒரு கோட்டை வரைகிறது. அப்படி வரைந்த கோட்டின் உயரத்துக்கு எந்தப் பொருளும் இல்லை. வரையாமல் பதிகிற மெஷின்களில்கூட, அந்த 0.4 மில்லி வினாடியில் மாதிரி எடுக்கும் கணம் எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து ஸ்பைக் ஒரு துடிப்பில் உயரமாகவும் அடுத்ததில் குட்டையாகவும் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு ‘பேட்டரி தீருகிறது’ என்று நோயாளியைப் பயமுறுத்துகிறவர்கள் உண்டு. ஸ்பைக்கின் உயரத்தைக் கொண்டு பேட்டரியை மதிப்பிட முடியாது.

ஸ்பைக்கே தெரியாவிட்டால்? சட்டையை விலக்கி, காரை எலும்புக்குக் கீழே பெட்டியும் தழும்பும் இருக்கிறதா என்று பாருங்கள். நோயாளி வைத்திருக்கும் பேஸ்மேக்கர் அட்டையைக் கேளுங்கள். பிறகு க்யூஆர்எஸ் வடிவத்தைப் பாருங்கள். ஸ்பைக் ஒளிந்துகொண்டாலும் வடிவம் காட்டிக்கொடுத்துவிடும்.

ஸ்பைக்குக்குப் பின்னால் ஏன் அகன்ற அலை

சாதாரணத் துடிப்பில் மின் அலை ஏவி முடிச்சைத் தாண்டி ஹிஸ் கற்றையில் இறங்கி, வலது, இடது கிளைகளாகப் பிரிந்து, பர்கின்ஜி இழைகள் வழியாகக் கீழறையின் உட்சுவர் எங்கும் பரவுகிறது. இந்த இழைகளில் அலை வினாடிக்கு 2 முதல் 4 மீட்டர் வேகத்தில் ஓடும். சாதாரண இதயத் தசையில் அந்த வேகம் வினாடிக்கு 1 மீட்டரைக்கூட எட்டாது. இழைகள் எல்லாப் பக்கமும் விரிந்திருப்பதால் இரண்டு கீழறைகளின் பல இடங்களும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் தூண்டப்படுகின்றன. தசை வழியாக அலை கடக்க வேண்டியது உட்சுவரிலிருந்து வெளிச்சுவர்வரை உள்ள குறுகிய தூரம் மட்டுமே. அதனால் எல்லாம் 100 மில்லி வினாடிக்குள், அதாவது இரண்டரைச் சின்னக் கட்டத்துக்குள் முடிந்துவிடும். குறுகிய க்யூஆர்எஸ் என்பது இந்த ஒருங்கிணைப்பின் அடையாளம்.

பேஸ்மேக்கர் ஒயரின் முனை வலது கீழறை நுனியில் தசைக்குள் ஊன்றி நிற்கிறது. அங்கே எழும் அலைக்கு முன்னால் இருப்பது தசைதான். பக்கத்துச் செல்லைத் தூண்டி, அது அடுத்த செல்லைத் தூண்டி என்று நகர்கிறது. கிளை வாய்க்கால்கள் எல்லாம் இருந்தும் தலைமடையைத் திறக்காமல், ஒரு மூலை வயலில் தண்ணீரை விட்டு, வரப்பு வரப்பாக உடைத்துக் கொண்டுபோவதுபோல. கடைசி வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேரும், ஆனால் நேரம் ஆகும். இங்கே அந்தக் கடைசி வயல் இடது கீழறையின் பக்கச்சுவர். இடைச்சுவரைத் தாண்டித்தான் அலை அங்கே போக வேண்டும். வழியில் அங்கங்கே இழைகளுக்குள் நுழைந்து கொஞ்சம் வேகம் எடுத்தாலும், போன நேரத்தை ஈடுகட்ட முடியாது. இப்படி எழும் க்யூஆர்எஸ் 120 மில்லி வினாடியைத் தாண்டியிருக்கும். 150 முதல் 180 வரை, அதாவது நான்கு சின்னக் கட்டம், சிலரிடம் அதற்கும் சற்று மேல் இருப்பது வழக்கமானது.

ஆக, அகலத்துக்குக் காரணம் அலை தொடங்கிய இடம். கீழறையில் தானாகக் கிளம்பும் வி.பி.சி. ஏன் அகன்றிருக்கிறதோ அதே காரணம்தான் இதற்கும்.

தொடங்கிய இடத்தைத் தாளிலிருந்தே கண்டுபிடிக்கலாம். அலை ஒரு லீட்டை நோக்கி வந்தால் க்யூஆர்எஸ் மேலே எழும், விலகிப் போனால் கீழே இறங்கும். வலது கீழறை இதயத்தின் முன்பக்கம் இருக்கிறது. அங்கிருந்து அலை பின்னாலும் இடதுபுறமும் போவதால், மார்பின் முன்னால் ஒட்டிய வி1-இல் க்யூஆர்எஸ் ஆழமாகக் கீழே இறங்கும். பார்வைக்கு இடது கற்றை அடைப்புப்போலவே இருக்கும். நுனி என்பது இதயத்தின் அடிப்பகுதி. அங்கிருந்து அலை மேல்நோக்கிப் போவதால் காலின் பக்கமிருந்து பார்க்கும் லீட் 2, 3, ஏவிஎஃப் மூன்றிலும் க்யூஆர்எஸ் கீழ்நோக்கி இருக்கும்.

உண்மையான இடது கற்றை அடைப்பையும் இதையும் பிரிக்க வி5, வி6 உதவும். கற்றை அடைப்பில் இந்த இரண்டிலும் க்யூஆர்எஸ் பொதுவாக அகன்று மேலே நிற்கும். நுனியிலிருந்து தூண்டும்போது இங்கேயும் பெரும்பாலும் கீழ்நோக்கியே இருக்கும். வி5, வி6 இதய நுனிக்கு அருகில் இருக்கின்றன, அலையோ அங்கிருந்து விலகிப் போகிறது.

ஒயரை நுனியில் வைக்காமல் வலது கீழறையின் மேல் வாசலுக்குப் பக்கத்தில், இடைச்சுவரில் வைத்திருந்தால் அலை மேலிருந்து கீழே வரும். அப்போது வி1 கீழே இறங்கியே இருக்க, 2, 3, ஏவிஎஃப் மேலே எழும். ஹிஸ் கற்றையிலோ இடது கற்றைப் பகுதியிலோ ஒயரை ஊன்றும் புதிய முறையில் அலை நேராக இழைகளுக்குள் இறங்கிவிடுவதால் க்யூஆர்எஸ் குறுகலாகவே வரும். பேஸ்மேக்கர் துடிப்பு என்றால் அகன்றே இருக்க வேண்டும் என்று மனப்பாடம் செய்தவர்கள் இந்த நோயாளிகளிடம் தடுமாறுவார்கள். இடது கற்றையில் ஊன்றியவர்களிடமும், இரண்டு கீழறைகளையும் தூண்டும் கருவி வைத்தவர்களிடமும் வி1-இல் க்யூஆர்எஸ் மேலே எழுவதும் இயல்பே. ஆனால் நுனியில் ஒற்றை ஒயர் வைத்தவரிடம், முந்தைய ஈசிஜியில் கீழே இறங்கியிருந்த வி1 இன்று மேலே எழுந்தால் அப்படியே விட்டுவிடக் கூடாது. முதலில் வி1 எலெக்ட்ரோடு சரியான இடத்தில், நான்காவது விலா இடைவெளியில் இருக்கிறதா என்று பாருங்கள். சரியாக இருந்தால், ஒயர் நகர்ந்துவிட்டதா, சுவரைத் துளைத்துவிட்டதா என்று எக்ஸ்ரேயிலும் எக்கோவிலும் பார்க்கும்படி மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அகன்ற க்யூஆர்எஸ்ஸோடு சேர்ந்து எஸ்டி பகுதியும் டி அலையும் எதிர்த்திசையில் திரும்பும். தூண்டப்படும் வரிசை மாறினால் அடங்கும் வரிசையும் மாறும், அவ்வளவுதான். வி1 முதல் வி3 வரை க்யூஆர்எஸ் கீழே இருப்பதால் எஸ்டி மேலே ஏறி நிற்கும். மெஷின் மாரடைப்பு என்று எழுதுவது பெரும்பாலும் இதனால். கவலைப்பட வேண்டியது திசை ஒத்துப்போகும்போது: க்யூஆர்எஸ் மேலே எழும் லீட்டில் எஸ்டியும் 1 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ ஏறினால், அல்லது வி1 முதல் வி3 வரை க்யூஆர்எஸ் கீழே இருக்க எஸ்டியும் 1 மில்லிமீட்டர் இறங்கினால், நெஞ்சு வலியுள்ள நோயாளியை மாரடைப்பாகவே கருதி விரைய வேண்டும். எதிர்த்திசை ஏற்றமும் அளவுக்கு மீறி, க்யூஆர்எஸ் ஆழத்தில் கால்பங்கைத் தாண்டினால் அதே சந்தேகம் வர வேண்டும். இவை எதுவும் இல்லை என்பதால் மாரடைப்பு இல்லை என்றும் ஆகிவிடாது. வலி இருந்தால் ட்ரோபோனினும் மறு ஈசிஜியும் தேவை.

ஒரு ஸ்ட்ரிப்பைக் கட்டம் கட்டமாகப் படிப்போம்

10 வினாடி ரிதம் ஸ்ட்ரிப், வினாடிக்கு 25 மில்லிமீட்டர். மொத்தம் 250 சின்னக் கட்டங்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பதால் பி அலை இல்லை, அடிக்கோடு நெளிகிறது. வி.வி.ஐ. 60 என்றால் தூண்டலுக்குத் தூண்டல் 1 வினாடி, அதாவது 25 சின்னக் கட்டம், ஐந்து பெரிய கட்டம். இந்த 25-ஐ ஒரு துண்டுத் தாளின் ஓரத்தில் இரண்டு கோடாகக் குறித்துக்கொண்டு ஸ்ட்ரிப்பின் மேல் நகர்த்திப் பாருங்கள். காலிப்பர் இருந்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு ஸ்பைக்கிலும் இரண்டு கேள்விகள். பின்னால் என்ன வந்தது? முன்னால் என்ன இருந்தது? முதல் கேள்வி தூண்டல் பலித்ததா என்று சொல்லும், இரண்டாவது கருவி இதயத்தைச் சரியாக உணர்ந்ததா என்று சொல்லும்.

10, 35, 60-ஆம் கட்டங்களில் மூன்று ஸ்பைக்குகள். ஒவ்வொன்றையும் ஒட்டியே அகன்ற க்யூஆர்எஸ், அதன்பின் எதிர்த்திசை டி அலை. இதைத்தான் கேப்ச்சர் என்கிறோம். டி அலையைக் குறிப்பாகப் பார்க்க வேண்டும். ஸ்பைக்குக்குப் பின் மின்னூட்டம் வடியும்போது வரும் சிறு வளைவு க்யூஆர்எஸ் மாதிரியே ஏமாற்றும், குறிப்பாக மார்பில் பேட் ஒட்டி வெளியிலிருந்து தூண்டும்போது. தசை உண்மையில் தூண்டப்பட்டிருந்தால் அது அடங்கியே ஆக வேண்டும், அப்போது டி அலை வந்தே தீரும். டி அலை இல்லாத ‘க்யூஆர்எஸ்’ஸை நம்பாதீர்கள்.

77-இல் ஸ்பைக் இல்லாமல் ஒரு குறுகிய க்யூஆர்எஸ். முந்தைய துடிப்பிலிருந்து 17 கட்டம், 680 மில்லி வினாடி. இதயம் தானாகத் துடித்திருக்கிறது, கருவி அடங்கிக்கொண்டது. அடுத்த ஸ்பைக் 103-இல், 26 கட்டம் தள்ளி. 25 வர வேண்டிய இடத்தில் 26 வந்ததில் தவறில்லை. இயல்பான அலை கீழறை நுனியில் உள்ள ஒயரை எட்டுவதற்குள் தாளில் க்யூஆர்எஸ் தொடங்கிச் சிறிது நேரம் ஆகியிருக்கும். கருவியின் கடிகாரம் அலை ஒயரை எட்டும் நொடியிலிருந்துதான் ஓடத் தொடங்கும். 103-இன் ஸ்பைக் சரியான நேரத்தில் வந்து, அகன்ற அலையையும் கொடுத்திருக்கிறது. ஆகவே உணர்தலும் சரி, கேப்ச்சரும் சரி.

128-இல் ஸ்பைக். நேரம் சரி. பின்னால் வந்த க்யூஆர்எஸ் மட்டும் அகன்றதாகவும் இல்லை, குறுகியதாகவும் இல்லை, இடைப்பட்ட வடிவம். கருவி தூண்டிய அதே கணத்தில் மேலிருந்து இயல்பான அலையும் இறங்கி, இரண்டும் கீழறையைப் பங்குபோட்டுக்கொண்டிருக்கின்றன. இது ஃப்யூஷன் துடிப்பு, கோளாறு அல்ல. சில சமயம் ஸ்பைக் ஏற்கெனவே தொடங்கிவிட்ட இயல்பான க்யூஆர்எஸ்ஸின் மேல் விழும், வடிவம் கொஞ்சமும் மாறாது. அலை இன்னும் ஒயரை எட்டாததால் கருவிக்கு அந்தத் துடிப்பு தெரியாது. இதுவும் இயல்பானதே.

153-இல் ஸ்பைக். நேரம் சரி. பின்னால் எதுவும் இல்லை. அடிக்கோடு நெளிந்தபடியே போகிறது, க்யூஆர்எஸ்ஸும் இல்லை, டி அலையும் இல்லை. 163-இல் ஒரு குறுகிய க்யூஆர்எஸ் வருகிறது. அது ஸ்பைக்கின் விளைவாக இருக்க முடியாது. 10 கட்டம், 400 மில்லி வினாடி தாமதம் என்பது கேப்ச்சருக்கு மிக அதிகம், வடிவமும் குறுகியது. ஆக இது பலிக்காத தூண்டல், கேப்ச்சர் தவறியது. 128-க்கும் 163-க்கும் நடுவே 35 கட்டம், 1.4 வினாடி கீழறை துடிக்கவில்லை. இந்த முறை இதயம் தானாகக் கைகொடுத்தது. மேலறையின் அலை கீழறைக்கு இறங்கவே இறங்காத முழு அடைப்பு உள்ளவரிடம் அது நடக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

163-இல் வந்த இயல்பான துடிப்பைக் கருவி உணர்ந்ததா? அடுத்த ஸ்பைக் 189-இல், மறுபடி 26 கட்டம். உணர்ந்திருக்கிறது. 189, 214, 239 மூன்றிலும் ஸ்பைக், அகன்ற க்யூஆர்எஸ், டி அலை.

எண்ணிப் பார்த்தால் 9 ஸ்பைக்குகள், 10 க்யூஆர்எஸ்கள். வேகம் 10 பெருக்கல் 6, நிமிடத்துக்கு 60. வேகத்தை க்யூஆர்எஸ்ஸைக் கொண்டுதான் எண்ண வேண்டும், ஸ்பைக்கைக் கொண்டு அல்ல. ரிப்போர்ட்டில் இப்படி எழுதலாம்: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், வி.வி.ஐ. 60, உணர்தல் சரி, ஒருமுறை கேப்ச்சர் தவறியுள்ளது, ஒரு ஃப்யூஷன் துடிப்பு.

ஒன்பதில் ஒன்று தவறியது சிறிய விஷயமாகத் தோன்றலாம். அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. தசையைத் தூண்டத் தேவையான குறைந்தபட்ச வோல்ட்டைத் த்ரெஷோல்ட் என்பார்கள். கருவி வழக்கமாக அதைப்போல இரண்டு மடங்கு கொடுக்கும்படி வைக்கப்பட்டிருக்கும். அப்படியிருந்தும் தவறுகிறதென்றால் அந்த இடைவெளி கரைந்துவிட்டது என்று பொருள். வைத்துச் சில வாரங்களுக்குள் என்றால் ஒயர் நகர்ந்திருக்க வாய்ப்பு அதிகம்; மார்பு எக்ஸ்ரேயைப் பழையதோடு ஒப்பிட வேண்டும். பல வருடம் ஆனவரிடம் பொட்டாசியத்தை முதலில் பார்க்க வேண்டும், சிறுநீரக நோயாளி என்றால் உடனடியாக. பொட்டாசியம் ஏறினால் த்ரெஷோல்டும் ஏறும், தூண்டிய க்யூஆர்எஸ்ஸும் முன்பைவிட அகலும். ஃப்ளெகைனைடு போன்ற மாத்திரைகளும் இதைச் செய்யும். ஒயர் உடைவது, அதன் உறை பழுதாவது, பேட்டரி தீர்வது ஆகியவற்றை ஈசிஜியில் பிரித்தறிய முடியாது. அதற்குப் புரோகிராமரை வைத்துக் கருவியைச் சோதிக்க வேண்டும்.

ஸ்பைக் தப்பான இடத்தில் வந்தால், வராமலே போனால்

கேப்ச்சர் தவறியதாகத் தோன்றும் எல்லாமே அப்படி அல்ல. மேலே பார்த்த ஸ்ட்ரிப்பில் 77-இன் குறுகிய துடிப்புக்குப் பிறகு 103 வரை காத்திருக்காமல் 85-இலேயே ஸ்பைக் வந்திருந்தால் என்ன பொருள்? அது 60-இன் ஸ்பைக்கிலிருந்து சரியாக 25 கட்டம். நடுவில் வந்த துடிப்பைக் கருவி பார்க்கவே இல்லை, தன் பழைய கணக்கிலேயே ஓடியிருக்கிறது. இது உணர்தல் குறைபாடு. அந்த ஸ்பைக்குக்குப் பின் க்யூஆர்எஸ் வராமல் போகலாம், ஆனால் அதைக் கேப்ச்சர் தவறியதாகச் சொல்ல முடியாது. 8 கட்டத்துக்கு முன் தூண்டப்பட்ட தசை இன்னும் முழுமையாக ஓய்வுநிலைக்குத் திரும்பாமல் இருக்கலாம், அப்படியானால் அந்தக் கணத்தில் அது பதில் சொல்லாமல் போகலாம். ஆகவே பின்னால் ஒன்றும் வரவில்லை என்று தெரிந்ததும் முன்னால் என்ன இருந்தது என்று பார்த்துவிட்டுத்தான் கேப்ச்சரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டும். உணர்தல் குறைபாட்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு. டி அலையின் மேல் விழும் ஸ்பைக் அரிதாகக் கீழறை வேகத்துடிப்பைக் கிளப்பிவிடும்.

இதற்கு நேரெதிர், வர வேண்டிய ஸ்பைக் வராமல் நீளும் இடைவெளி. தசை அசைவையோ, உடைந்த ஒயரின் இரைச்சலையோ, அறுவை அரங்கில் காட்டரியையோ இதயத் துடிப்பு என்று நினைத்துக் கருவி அடங்கிவிடும். முழுவதுமாகக் கருவியை நம்பியிருப்பவருக்கு அது மயக்கத்தில் முடியும். ஆனால் இடைவெளி 25-ஐத் தாண்டுவதெல்லாம் கோளாறு அல்ல. இயல்பான துடிப்புக்குப் பிறகு கூடுதலாகக் காத்திருக்கும்படி சில கருவிகளை அமைத்திருப்பார்கள், சிலவற்றில் இரவு வேகம் குறைவாக இருக்கும். அட்டையையும் புரோகிராம் தாளையும் பார்க்காமல் பழுது என்று எழுதக் கூடாது. ஸ்ட்ரிப் முழுவதும் ஒரு ஸ்பைக்கூட இல்லாமல், நோயாளியின் சொந்த வேகம் 75 ஆக இருந்தால், வி.வி.ஐ. 60 கருவி செய்ய வேண்டியதைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

அப்போது தூண்டலைச் சோதிக்க மருத்துவர் மேக்னெட் வைத்துப் பார்க்கலாம். பெரும்பாலான பேஸ்மேக்கர்கள் மேக்னெட்டின் கீழ் எதையும் உணராமல் ஒரே சீராகத் தூண்டும். அந்த வேகம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதிர்ச்சி கொடுக்கும் ஐ.சி.டி. கருவியில் அப்படி இல்லை. அங்கே மேக்னெட் அதிர்ச்சியைத்தான் நிறுத்தும், தூண்டும் முறையை மாற்றாது. எந்தக் கருவி என்று தெரியாமல் வைக்கக் கூடாது.

இரண்டு ஒயர் வைத்த டி.டி.டி. கருவியிலும் இதே இரண்டு கேள்விகள்தான். மேலறை ஸ்பைக்குக்குப் பின் பி அலை, 4 அல்லது 5 சின்னக் கட்டம் கழித்துக் கீழறை ஸ்பைக், அதன்பின் அகன்ற க்யூஆர்எஸ். இதயத்தின் சொந்த பி அலை வந்தால் மேலறை ஸ்பைக் இருக்காது, கீழறை ஸ்பைக் மட்டும் பி அலையைப் பின்தொடரும். நோயாளி நடந்துவிட்டு வந்து பி அலை 95-இல் ஓடினால் கீழறை ஸ்பைக்கும் 95-இல் வரும். 60 என்று வைத்த கருவி ஏன் 95-இல் தூண்டுகிறது என்று பதற வேண்டியதில்லை.

ஐ.சி.யூ. மானிட்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மானிட்டரில் ‘பேஸ்’ என்ற அமைப்பைப் போட்டால்தான் அது ஸ்பைக்கை அடையாளம் கண்டு, துடிப்புக் கணக்கிலிருந்து ஒதுக்கும். போடாவிட்டால், கேப்ச்சர் முழுவதும் நின்று இதயமே நின்றுபோன நோயாளியிடம்கூட ஸ்பைக்குகளை எண்ணி ‘60’ என்று பச்சை எழுத்தில் காட்டிக்கொண்டே இருக்கும், அலாரமும் அடிக்காது. போட்டிருந்தாலும் முழுமையாக நம்ப முடியாது. ஆகவே பேஸ்மேக்கர் நோயாளியிடம் ஈசிஜி எண்ணோடு விரலில் மாட்டிய ஆக்சிமீட்டரின் அலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டு எண்களும் ஒத்துப்போகாவிட்டால் கையைப் பிடித்து நாடி பாருங்கள். வெளியிலிருந்து பேட் மூலம் தூண்டும்போது கழுத்துத் தசையும் சேர்ந்து துள்ளும்; அது நாடிபோல ஏமாற்றும் என்பதால் அப்போது தொடை நாடியைப் பிடிக்க வேண்டும்.

இன்னொரு குழப்பம் தூண்டல் நின்ற பிறகு வரும். பல நாள் கருவியின் தூண்டலில் ஓடிய இதயம் ஒருநாள் தானாகத் துடிக்கத் தொடங்கும்போது, க்யூஆர்எஸ் குறுகலாக, அழகாக இருக்கும். ஆனால் டி அலை பல லீட்களில் தலைகீழாக இருக்கும். தூண்டிய க்யூஆர்எஸ் எந்த லீட்களில் கீழ்நோக்கி இருந்ததோ, பெரும்பாலும் அதே லீட்களில் இந்தத் தலைகீழ் டி அலையும் வரும். இதயத் தசை பழைய வரிசையை நினைவில் வைத்திருப்பதால் வரும் இந்த மாற்றம் மெல்ல மெல்ல, நாட்கள் அல்லது வாரங்களில் மறையும். லீட் 1-இலும் ஏவிஎல்லிலும் டி அலை மேலே நிற்பது இதன் பக்கம் சாட்சி சொல்லும். நெஞ்சு வலி இருந்தால் மட்டும் அந்தச் சாட்சியோடு நிறுத்தாமல், ரத்த ஓட்டக் குறைவையும் தேட வேண்டும்.